மின்னல் விழாத மாலை

கவியாவை அந்தப் படத்துக்குள் கொண்டுவந்தவள் ரேணுகாதான். தேர்வுக்கு வந்த பெண்கள் எல்லோரும் வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போனார்கள். கவியா ஒருத்திதான் பாதியில் நிறுத்தி, எதையோ நினைத்துக்கொண்டவள்போல ஜன்னலைப் பார்த்துவிட்டு, மறுபடி தொடர்ந்தாள். இயக்குநர் அபிஷேக்குக்கு அவள் முகம் பிடிக்கவில்லை. மூக்கு கொஞ்சம் பெரிது என்றான். ரேணுகா அவனோடு சண்டை போட்டு அவளைத் தங்கை வேடத்தில் உட்கார வைத்தாள்.

கவியாவின் அப்பா கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுத்தான் அவள் நடிக்க வந்தாள். வீட்டில் இன்னும் அது ஒரு சண்டையாகவே இருந்தது.

ரேணுகா ஊரப்பாக்கத்துக்காரி. இணை இயக்குநர் என்று பெயர் போடுவார்கள். எந்தக் காட்சியை எந்த நாளில் எங்கே எடுப்பது, மழை வந்தால் அதற்குப் பதில் எதை எடுப்பது, வெயில் ஏறினால் யாரை எங்கே உட்கார வைப்பது, இதெல்லாம் அவள் வேலை. படம் நன்றாக வந்தால் யாரும் அவளை நினைக்கமாட்டார்கள். ஒரு நாள் வீணானால் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள். அது அவளுக்குப் பழகியிருந்தது.

கடற்கரைக் காட்சிகளை மாசி மாதத்தில் வைத்துத்தான் முதலில் திட்டம் போட்டாள். கதாநாயகனின் தேதி தள்ளிப்போனதில் எல்லாம் இடம் மாறி, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தக் கடற்கரை ஐப்பசியில் வந்து விழுந்தது.

"ஐப்பசியில பீச்சா? சாயந்தரம் ஆனா மேக்கேர்ந்து இடியோட வந்து நிக்கும் அபிஷேக்" என்றாள்.

"நீ இருக்கல்ல, பாத்துக்கோ" என்றான் அவன்.

அவளும் பார்த்துக்கொண்டாள். வானிலை ரேடார் படத்தைப் பல நாள் தொடர்ந்து பார்த்ததில் ஒரு ஒழுங்கு பிடிபட்டது. அதிகாலையில் கடலிலிருந்து லேசான மழை வரும், போகும். அதில் இடி இல்லை. மத்தியானம் வரை வானம் சும்மா இருக்கும். அப்புறம் செங்கல்பட்டு ஏரிகளின் பக்கம் மேகம் திரண்டு, சாயங்காலத்துக்குள் மின்னலோடு கடலை நோக்கி நகரும். ஆகவே விடிந்ததிலிருந்து காலைச் சாப்பாடு வரை கடற்கரை, அதற்குப் பிறகு அருகிலேயே மூடிக்கிடந்த ஒரு இறால் குஞ்சுப் பண்ணையின் ஷெட்டுக்குள் வீட்டுக் காட்சிகள் என்று பிரித்தாள். வெளியே என்ன கொட்டினாலும் ஷெட்டுக்குள் வேலை நடக்கும். தகரக் கூரையில் மழைச் சத்தம் விழுந்து வசனம் கெடாமலிருக்க மேலே வைக்கோல் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொன்னாள்.

ஐந்து நாள் அது பிசகில்லாமல் ஓடியது. ஒரு மணி நேரம்கூட வீணாகவில்லை. தயாரிப்பு நிர்வாகி சரவணகுமாரே, "இந்த மழையில இவ்ளோ சீன் யாரும் எடுத்ததில்ல மேடம்" என்றார்.

கடைசி நாளுக்கு வைத்திருந்தது கவியாவின் காட்சி.

கதையில் அண்ணன் செத்துப்போகிறான். சொந்தக்காரர்கள் யாரும் அவன் அஸ்தியைத் தொடத் தயாராக இல்லை. தங்கை தனியாக மழையில் நனைந்துகொண்டே நடந்து கடலுக்கு வருகிறாள். சவுக்குத் தோப்பிலிருந்து வெளிப்பட்டு, மணலைக் கடந்து, அலையில் கால் வைத்து, கலயத்தைத் திறக்க முடியாமல் நின்று, அவனைத் திட்ட ஆரம்பிக்கிறாள். வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். கேமரா, ஜிப் என்கிற நீண்ட இரும்புக் கையின் நுனியில் அலை விளிம்புக்கு மேலே தொங்கும். அவள் நெருங்க நெருங்கக் கீழே இறங்கி முகத்துக்கு வரும். படத்தில் கவியாவுக்கு வேறு காட்சிகள் உண்டு. ஆனால் அவள் வேலையை விட்டு வந்தது இதற்காகத்தான்.

நிஜ மழை கேமராவில் அவ்வளவாகத் தெரியாது. தண்ணீர் லாரியிலிருந்து குழாய் இழுத்து, பூவாளிபோல உயரத்திலிருந்து தூவி, பின்னாலிருந்து விளக்கடித்தால்தான் கம்பி கம்பியாகத் தெரியும். கிணற்றுத் தண்ணீர் உடம்பில் பட்டதும் நடுக்கம் எடுக்கும் என்று லாரியை முந்தின நாள் முழுவதும் வெயிலில் நிறுத்தி வைத்தாள் ரேணுகா. கவியாவின் சுடிதாருக்கு அடியில் போட மெல்லிய ரப்பர் உடை ஒன்று வாங்கியிருந்தாள். ஒரே மாதிரி சுடிதார் மூன்று தைத்து வைத்திருந்தது. ஷாட்டுக்கு இடையில் ஏறி உட்கார வேனில் ஏசியை அணைக்கச் சொல்லி, கனத்த துண்டும் சுக்குக் காபியும் வைத்தாள்.

"கல்யாணப் பொண்ணாட்டம் கவனிக்கிறீங்கக்கா" என்று சிரித்தாள் கவியா.

"நடுங்குனா வசனம் வராது. அதுக்குத்தான்."

"அதுக்கு மட்டுமா?"

ரேணுகா, தூறலில் நனைந்திருந்த அவள் தலையில் துண்டைப் போட்டுத் துவட்டினாள்.

அந்தக் காலை கெட்டது மழையால் அல்ல. ஒளிப்பதிவாளர் ரவிச்சந்திரன், ஈரக்காற்றில் லென்ஸுக்குப் பூஞ்சை பிடித்துவிடும் என்று பயந்து, முந்தின இரவு கேமராவையும் லென்ஸ் பெட்டிகளையும் தன் விடுதி அறையில் ஏசி போட்டு வைக்கச் சொல்லியிருந்தார். கேமரா உதவியாளன் ஜெபக்குமார், "வேணாம் சார், வெளிய எடுத்தா வேர்த்துடும்" என்று சொல்லிப் பார்த்தான். அவர் கேட்கவில்லை.

விடியலில் கடற்கரையில் பெட்டியைத் திறந்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றினதுபோல வெள்ளை. துடைத்தால் அடுத்த நொடியே மறுபடி படிந்தது. உள்ளே இருந்த கண்ணாடிகளிலும் படலம். அதைத் துடைக்க வழியில்லை. கடல் காற்றின் சூட்டுக்குக் கருவி தானாக வந்து சேரும்வரை காத்திருப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. மெல்லிய தூறல், சாம்பல் வெளிச்சம், ஆளில்லாத மணல் என்று அபிஷேக் கேட்ட எல்லாம் கண்ணெதிரே வந்து நின்றன. அவர்கள் பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். படலம் விலகியபோது மேகமும் விலகிவிட்டது. கடலுக்கு மேலே சூரியன் சுள்ளென்று அடித்தது.

"இந்த வெயில்ல மழைன்னு சொன்னா சிரிப்பாங்க. ஈவினிங் எடுப்போம்" என்றார் ரவிச்சந்திரன். தன் தவறைப் பற்றி அவர் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவர் பெரிய ஆள்.

"ஈவினிங் இடி வரும் சார். அஞ்சு நாளா வந்துட்டிருக்கு" என்றாள் ரேணுகா.

அபிஷேக் அவள் தோளைப் பிடித்துத் தள்ளி அழைத்துப் போனான். நாளை காலை யூனிட் ஐதராபாத்துக்குக் கிளம்புகிறது. ஜிப் வேறு படத்துக்குப் போகிறது. இன்று இல்லாவிட்டால் இல்லை.

"ஒரு நிபந்தனை" என்றாள் அவள். "மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல முப்பது எண்றதுக்குள்ள சத்தம் வந்துச்சுன்னா நிறுத்தணும். ஜிப்பை இறக்கி, ஜெனரேட்டரை அணைச்சு, எல்லாரும் பஸ்ஸுல ஏறணும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் யாரும் மணல்ல எறங்கக் கூடாது. வெட்டவெளியில அத்தனை உசரத்துக்கு இரும்புக் கை. அடியில தண்ணியில ஒரு பொண்ணு நிக்கிறா."

"சரி. நீ சொன்னா நிறுத்திடலாம். ப்ராமிஸ்." அதை எல்லோர் முன்னாலும் மைக்கிலும் சொன்னான். "இன்னைக்கு ஷூட்டை நிறுத்துற அதிகாரம் ரேணுகாவுக்கு. அவங்க சொன்னா பேக்கப்." நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

மத்தியானம் ஷெட்டுக்குள் சில்லறைக் காட்சிகளை முடித்துக்கொண்டு மணலுக்கு வந்தார்கள். ஜெபக்குமார் கேமராவுக்குக் கண்ணாடித்தாள் உறை மாட்டி, ஓரமெல்லாம் டேப் ஒட்டினான். லென்ஸ் முன்னால் வேகமாகச் சுழன்று துளியை விசிறிவிடும் தகட்டைப் பொருத்தினான். உப்புக்காற்று உள்ளே போய்விடும் என்று லென்ஸ் மாற்றுவதை வேனுக்குள் வைத்துக்கொண்டான். எல்லாம் சரியாகவே இருந்தது.

அந்த மாலை மேற்கில் எழுந்த மேகத்தை ரேணுகா இன்றைக்கும் மறக்கவில்லை. சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கருநீலமாக ஒரு சுவர் எழும்பியது. சூரியன் அதற்குள் போய்விட்டது. ஆனால் கடல் பக்கத்து வானம் வெளுப்பாகவே இருந்ததால், தோப்பிலிருந்து வருகிறவள் முகத்தில் மென்மையான வெளிச்சம் விழுந்தது. பின்னால் இருட்டு, முன்னால் ஒளி. பணம் கொட்டினாலும் கிடைக்காத வெளிச்சம் என்று ரவிச்சந்திரன் முணுமுணுத்தார்.

முதல் டேக்கில் தண்ணீர்க் குழாய் அழுத்தம் குறைந்து மழை விட்டுவிட்டு விழுந்தது. கவியா திரும்பித் தோப்புக்கு நடந்தாள். ரேணுகா ரேடாரைப் பார்த்தாள். சிவப்புத் திட்டு திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியிருந்தது. தொலைவில் மின்னல் பளிச்சிட்டது. எண்ணினாள். நாற்பதைத் தாண்டித்தான் உறுமல் வந்தது. சரி, இருக்கட்டும் என்று விட்டாள்.

இரண்டாவது டேக் ஆரம்பித்தது.

கவியா தோப்பிலிருந்து வெளிப்பட்ட விதத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நடையே மாறியிருந்தது. கலயத்தை இடுப்பில் குடம்போல ஏந்திக்கொண்டு வந்தாள். ஒத்திகையில் அப்படிச் செய்யவில்லை. அலையில் கால் பட்டதும் நின்றாள். குழாய் மழை அவள் நெற்றியில் வழிந்தது. ஜிப் மெதுவாக இறங்கியது. அவள் கலயத்தைப் பார்த்து, வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனைக் கேட்பதுபோலக் கேட்டாள்: "இன்னாடா, இப்பயாவது வாயத் தொறந்து பேசுவியா?" வசனத்தில் அப்படி இல்லை. மானிட்டர் முன்னால் அபிஷேக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவள் தலைக்குப் பின்னால் மேகம் வெள்ளையாகப் பிளந்தது.

ரேணுகா எண்ண ஆரம்பித்தாள். இருபதுக்கு வருமுன் இடி மணலை உலுக்கியது. கவியா சிமிட்டக்கூட இல்லை. அந்த இடியையும் தனக்கானதாக எடுத்துக்கொண்டு குரலை உயர்த்தினாள்.

"கட் சொல்லுங்க" என்றாள் ரேணுகா.

அபிஷேக் திரும்பாமல் கையை மட்டும் அசைத்தான். இரு, இரு.

"அபிஷேக், சொன்னேன்ல."

"ஒரு நிமிஷம். ஒரே நிமிஷம் ரேணு, ப்ளீஸ்."

அவள் ஜெனரேட்டர்காரரிடம் ஓடி அணைக்கச் சொன்னாள். விளக்கு அணைந்தது. மழைக்குழாயின் மோட்டாரும் நின்றது. ஆனால் கேமரா பேட்டரியில் ஓடுகிறது. அது நிற்கவில்லை, கவியாவும் நிற்கவில்லை. விளக்கு போனதுகூட அவளுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை. அழுதுகொண்டே கலயத்தின் துணியைப் பல்லால் அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி மின்னல். இந்த முறை ரேணுகா பத்துகூட எண்ணவில்லை.

அவள் மணலில் இறங்கி நடந்து, கேமராவுக்கு முன்னால் போய் நின்று, கவியாவின் கையைப் பிடித்தாள்.

கவியாவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். தூக்கத்திலிருந்து அடித்து எழுப்பப்பட்டவளின் முகம். "இன்னாக்கா? இன்னா ஆச்சு? தப்பா பண்ட்டனா?"

"வா. பஸ்ஸுக்கு வா. எல்லாரும் பஸ்ஸுக்கு! ஜெபா, கேமராவைக் கழட்ட வேணாம், கையை மட்டும் எறக்கிட்டு வாங்க."

பஸ்ஸுக்குள் எல்லோரும் குழாய் மழை தெறித்து நனைந்த துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடிகளில் மூச்சுக்காற்று படிந்தது. ரேணுகா கைக்குட்டையால் துடைத்து வெளியே பார்த்தாள். ஜிப் மணலில் நீட்டிப் படுத்திருந்தது. இடி இன்னும் இரண்டு முறை அருகில் கேட்டது. பிறகு கொஞ்சம் தள்ளி. பிறகு வடக்கே. மேகம் கரையை ஒட்டியே திரும்பி சென்னைப் பக்கம் நகர்ந்துவிட்டது. கேளம்பாக்கத்தில் கொட்டுகிறது என்று யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். அவர்கள் இருந்த மணலில் ஒரு சொட்டு விழவில்லை. மின்னல் எதன்மேலும் விழவில்லை. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் முடிந்தபோது கடற்கரை இருட்டியிருந்தது.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ரேணுகாவுக்குத் தோன்றியது. லைட்காரர் ஒருவர், "வூட்டுக்கு சீக்கிரம் போவலாம், அதுவும் நல்லதுதான்" என்றார். சிலர் சிரித்தார்கள். பின் இருக்கையில் துண்டைப் போர்த்திக்கொண்டிருந்த கவியா எழுந்து வந்து ரேணுகாவின் பக்கத்தில் நின்றாள். சொல்லிவிட்டுப் போக மட்டும் வந்தவள்போல உட்காராமலே இருந்தாள்.

"மின்னல் வுழலையேக்கா" என்றாள்.

"வுழலை."

கவியா தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

அபிஷேக் ரேணுகாவை வெளியே கூப்பிட்டான். தோப்பின் ஓரத்தில் இருவரும் நின்றார்கள். அவன் கண் சிவந்திருந்தது.

"ஏதாவது நடந்திருந்தா உன்னைத் தலையில தூக்கி வச்சிருப்பேன்" என்றான். "ஒண்ணும் நடக்கல. நான் என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் நடக்கக் கூடாதுன்னுதானே நிறுத்தினேன்?"

"தெரியுது ரேணு. மூளைக்குத் தெரியுது. ஆனா நான் பாத்த டேக்கு அது. இனிமே அது வராது. நீ நடுவுல வந்து நிக்கிற வரைக்கும்தான் இருக்கு. நீல சுடிதார்ல ஒருத்தி குறுக்க வந்து நிக்கிறா. அவ்ளோதான்."

காலையில் படலம் பிடித்த லென்ஸைப் பற்றி அவள் சொல்ல நினைத்தாள். ரவிச்சந்திரன் பத்தடி தள்ளி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை. சொன்னாலும் அதில் ஒன்றும் ஆகியிருக்காது.

ஐதராபாத் படப்பிடிப்புக்கு அவளுக்கு டிக்கெட் வரவில்லை. சரவணகுமார்தான் போனில் பேசினார். குரலில் மரியாதை குறையவில்லை. "நீங்க கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க மேடம். அங்க பூரா இன்டோர்தான். உங்களை மாதிரி ஆள் தேவைப்படாது." அவள் போட்ட திட்டங்களை வைத்துக்கொண்டு வேறொருவர் மீதியை ஓட்டினார். படத்தில் அவள் பெயரை மட்டும் எடுக்கவில்லை. மாமல்லபுரத்தில் நல்லபடியாக முடிந்த ஐந்து நாளைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசிக் கேட்கவில்லை. 'இடிக்குப் பயந்து ஹீரோயின் டேக்கைக் கெடுத்தவங்க' என்ற பேச்சு மட்டும் அவளுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. கவியா கதாநாயகி இல்லை. கதை சொல்லச் சொல்லக் கதாநாயகி ஆகிவிட்டாள்.

மழைக்காலம் முடிந்ததும் அந்தக் காட்சியை மறுபடி எடுப்பதாகப் பேச்சிருந்தது. அதற்குள் எடிட்டர், அஸ்தி கரைக்கிற இடம் இல்லாமலே படம் சரியாக ஓடுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார். நீளமும் குறைந்தது. தங்கை, அண்ணன் செத்த சேதி கேட்டு வாசலில் உட்காருவதோடு அவள் கதை முடிந்தது.

ரேணுகா கூடுவாஞ்சேரியில் ஒரு தியேட்டரில் டிக்கெட் வாங்கிப் பார்த்தாள். படம் நன்றாக இருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாருக்கும் எதுவோ குறைகிறது என்று தோன்றவில்லை.

கவியாவை அவள் மறுபடி பார்த்தது கேளம்பாக்கம் சந்திப்பில். பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"பழைய வேலைக்கே போய்ட்டியா?"

"அது இல்லக்கா, வேற கம்பெனி. பழையது சேத்துக்கல." சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வூட்டுல படம் பாக்கப் போனாங்க. எங்க சித்தி, நீ எப்ப வருவேன்னு கேட்டுகினே கீது. வந்துட்டுப் போய்ட்டேன், நீ பாக்கலைன்னு சொன்னேன்."

"கவியா, அன்னைக்கு…"

"நீங்க நல்லதுக்குதான் பண்ணீங்க. தெரியுங்க்கா. எல்லாரும் அதான் சொல்றாங்க." இப்போது திரும்பிப் பார்த்தாள். "ஆனா ஒண்ணு. எனக்கு பயமே இல்ல. இடிச்சுது, கேட்டுச்சு. அது கூடத்தான் பேசிகினு இருந்தேன். பயந்தது நீங்க. உங்க பயத்துக்கு என்னோடதை எடுத்துகினீங்க."

"உன் உசுருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆவலையே."

"ஆகியிருந்தா, கவியா?"

"ஆவலையேக்கா!" பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவியாவின் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க அவள் முயலவில்லை. "ஆவல. அதான் நடந்துச்சு. நீங்க ஆயிருந்தா ஆயிருந்தான்னு சொல்லிகினே கீறீங்க. ஆவாததுக்கு நான் இன்னா பண்றது?"

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். ரேணுகா தனக்குள் அந்தப் பேச்சைப் பலமுறை தொடர்ந்து பார்த்தாள். ஒவ்வொரு முறையும் தன் பக்கம்தான் நியாயம் இருந்தது. ஒவ்வொரு முறையும் கவியா பஸ் ஏறிப் போனாள்.

அதன்பின் நெடுநாள் வேலை இல்லை. கடைசியில் ஒரு இணையத் தொடருக்குப் பாதியில் ஆள் விட்டுப் போனதால் கூப்பிட்டார்கள். செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரிக்கரை. புரட்டாசி முடிகிற நேரம். திட்டம் ஏற்கெனவே போட்டு முடிந்திருந்தது. அதில் சாயங்காலம் ஏரியில் ஒரு படகுக் காட்சி இருந்தது. காலைக்கு மாற்றலாமா என்று ஒரே ஒரு முறை கேட்டாள். "நீங்கதானா அந்த இடி மேடம்?" என்று சிரித்தான் இயக்குநரான அந்த இளைஞன். கெட்டவன் இல்லை. விளையாட்டாகத்தான் சொன்னான். அவளும் சிரித்தாள்.

அன்று வெயில் போக்குக் காட்டிவிட்டு இறங்கியதும் மேற்கே மேகம் வந்தது. நடிகர் படகில் இருந்தார். அவர் முகத்துக்கு வெளிச்சம் திருப்ப, லைட்காரர்கள் இரண்டு பேர் வெள்ளைத் தெர்மாகோல் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றார்கள்.

மின்னல் தெரிந்தது. ரேணுகாவின் உதடு தன் பாட்டுக்கு எண்ணத் தொடங்கியது. அவள் நிறுத்திக்கொண்டாள். எண்ணினால் ஒரு எண் வரும். எண் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும். இடி கேட்டது. நடிகர் படகிலிருந்து தலையைத் தூக்கி, "மேடம், பக்கத்துலயா இடிக்குது? சேஃப்தானே?" என்று கத்தினார்.

அந்த இளைஞன் அவளைப் பார்த்தான். சுற்றியிருந்தவர்களும் பார்த்தார்கள்.

"தூரத்துலதான் சார்" என்றாள் ரேணுகா. "நீங்க கன்டின்யூ பண்ணுங்க."

மூன்று டேக் போனது. இடி இரண்டு முறை வந்தது. மூன்றாவதில் எல்லாம் கூடி வந்து, அந்த இளைஞன் துள்ளிக் குதித்து எழுந்தான். மழை அதற்குப் பிறகுதான் நாலு தூறல் போட்டது. மின்னல் எதன்மேலும் விழவில்லை. அவன் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். "உங்களைப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க மேடம். அடுத்த ஷெட்யூலும் நீங்கதான்" என்றான்.

அவள் வேனிலிருந்து துண்டுகளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். லைட்காரர்கள் இருவரும் அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறிக்கொண்டிருந்தார்கள். பெரியவருக்குப் பற்கள் தந்தியடித்தன. அவள் நீட்டிய துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு, "எங்களுக்குல்லாம் யாரும்மா துண்டு குடுக்குறாங்க. நல்லாருப்பம்மா நீ" என்றார்.

ரேணுகா அடுத்தவருக்குத் துண்டைக் கொடுத்துவிட்டு, அவர் நன்றி சொல்வதற்குள் திரும்பி நடந்தாள்.